உடலையல்ல, வயதைப் பாருங்கள்

ஏழாம் வகுப்பில் ஏறக்குறைய எல்லோருக்கும் வயது 12தான். ஆனால் அந்த வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தால் மூன்று நான்கு வயது இடைவெளியில் பிறந்தவர்களை ஒன்றாக உட்கார வைத்ததுபோல் இருக்கும். ஒரு மாணவிக்கு மாதவிடாய் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கும். அவளுடைய தோழிக்குப் பருவத்தின் முதல் அறிகுறிகூடத் தென்பட்டிருக்காது. ஒரு பையனுக்கு மீசை அரும்பிக் குரல் உடைந்திருக்கும், பக்கத்தில் இருப்பவனை நான்காம் வகுப்பு என்று சொன்னால் யாரும் நம்பிவிடுவார்கள். பெரும்பாலும் இவர்களில் யாருக்கும் நோய் இல்லை. ஆனால் நால்வரையும் வீடும் தெருவும் பள்ளியும் நடத்தும் விதம் நான்காகப் பிரிந்துவிடுகிறது. ஒருத்தியின் சுதந்திரம் சுருங்குகிறது, இன்னொருத்தியின் தாய் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக் களைக்கிறாள், ஒருவனுக்கு மரியாதை கூடுகிறது, மற்றவனுக்குப் பட்டப்பெயர் வந்து சேர்கிறது.

ஒரு குழந்தை எப்போது பருவமடையும் என்பதை நாம் முடிவு செய்வதில்லை. அதற்காக அந்தக் குழந்தை என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது நாம்தான். மஞ்சள் நீராட்டு விழா வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் கருத்து வேறுபாட்டைத் தாண்டி இந்த ஒரு விஷயத்தில் சேர்ந்து நிற்க முடியும்.

தொடக்கம் எது?

நம் வீடுகளில் பருவமடைதல் என்றால் முதல் மாதவிடாய் நாள்தான். உடலின் கணக்கில் அது ஏறக்குறையக் கடைசிப் படி. பெண் குழந்தைகளில் முதல் அறிகுறி மார்பில் தோன்றும் சிறு மொட்டு. அது 8 வயது முதல் 13 வயதுக்குள் எப்போது வந்தாலும் இயல்புதான். அதிலிருந்து இரண்டு, இரண்டரை ஆண்டுகள் கழித்தே மாதவிடாய் வரும். ஆண் குழந்தைகளில் முதல் அறிகுறி மீசையோ குரலோ அல்ல, விரைகள் பெரிதாவது. 9 முதல் 14 வயதுக்குள் அது நிகழும். வெளியே யாருக்கும் தெரியாத மாற்றம் என்பதால், பையன்களின் பருவத் தொடக்கத்தைப் பெற்றோர் கவனிப்பதே இல்லை.

இந்தப் படிகளை ஒழுங்காக வகுத்துக் கொடுத்தவர் பிரிட்டனின் ஜேம்ஸ் டேனர். 1969இல் சிறுமிகளுக்கும் 1970இல் சிறுவர்களுக்கும் அவர் வில்லியம் மார்ஷலுடன் சேர்ந்து வெளியிட்ட ஐந்து நிலைகளைத்தான் இன்றும் உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள்.

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ்தான் இதையெல்லாம் தொடங்கி வைக்கிறது. குழந்தை பிறந்த முதல் சில மாதங்களில் அது பருவ ஹார்மோன்களைத் தூண்டும் சமிக்ஞைகளை அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். பிறகு அதன்மேல் ஒரு பிரேக் விழுகிறது. பல ஆண்டுகள் கழித்து அந்தப் பிரேக் விடுபடும்போது பருவம் தொடங்குகிறது. எனவே ஏன் முன்கூட்டி, ஏன் தாமதமாக என்ற கேள்வியை, பிரேக் ஏன் இவளுக்குச் சீக்கிரம் விடுபட்டது, இவனுக்கு ஏன் இன்னும் விடுபடவில்லை என்று கேட்பதே சரி.

ஏன் முன்னும் பின்னும்?

முதல் காரணம் பரம்பரை. இரட்டையர்களை ஒப்பிட்ட ஆய்வுகள், பருவ வயதில் காணும் வேறுபாட்டின் பாதிக்கு மேற்பட்ட பங்கு மரபணுவைச் சேர்ந்தது என்று காட்டுகின்றன. அம்மா எப்போது பெரியவளானாள் என்று பாட்டிகள் கேட்பதில் அறிவியல் உண்டு. அப்பா எந்த வகுப்பில் திடீரென வளர்ந்தார் என்றும் கேட்க வேண்டும். அதைத்தான் யாரும் கேட்பதில்லை. தந்தைவழிச் செய்தியும் மகளுக்கு வந்து சேரும். எம்.கே.ஆர்.என்.3 என்ற மரபணுவில் ஏற்படும் பிழை குடும்பங்களில் மிக முன்கூட்டிய பருவத்தை உண்டாக்குகிறது என்று 2013இல் கண்டறிந்தார்கள். அந்தப் பிழை தந்தையிடமிருந்து வந்தால் மட்டுமே வேலை செய்யும்.

இரண்டாவது, உடலின் சேமிப்பு. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன், போதிய சேமிப்பு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்கிறது. பிறவியிலேயே லெப்டின் இல்லாத குழந்தைகளுக்குப் பருவம் தானாக வருவதில்லை. பட்டினி கிடந்த தலைமுறைகளில் பூப்பு தாமதமானதும், உணவும் சுகாதாரமும் மேம்பட்டபோது முன்நகர்ந்ததும் இதனால்தான். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வடக்கு ஐரோப்பாவில் 16, 17 வயதில் வந்த முதல் மாதவிடாய் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் 13 வயதுக்கு இறங்கியிருந்தது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான கணக்கின்படி, 1977 முதல் 2013 வரை மார்பு வளர்ச்சி தொடங்கும் வயது பத்தாண்டுக்கு ஏறக்குறைய மூன்று மாதம் வீதம் குறைந்துவந்திருக்கிறது.

இதில் இந்தியர்கள் அறிய வேண்டிய ஒரு சான்று ஸ்வீடனில் இருக்கிறது. இந்தியாவிலிருந்து தத்தெடுத்துச் செல்லப்பட்ட சிறுமிகளை அங்குள்ள மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்து 1991இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு 11.6 வயதுக்குள் மாதவிடாய் வந்துவிட்டது. இது ஸ்வீடன் சிறுமிகளையும் இந்தியாவில் வசதியான குடும்பத்துச் சிறுமிகளையும்விட முன்கூட்டி. குழந்தைப் பருவத்தில் ஊட்டமில்லாமல் இருந்து, பிறகு திடீரென நிறைவாக உண்டு வேகமாக வளர்ந்ததே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். ஒரே தலைமுறையில் கஞ்சியிலிருந்து பாக்கெட் தின்பண்டத்துக்கு வந்துவிட்ட நம் ஊர்களும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

நம் ஊரில் இந்தப் பழி முழுவதும் பிராய்லர் கோழியின் தலையில் விழுகிறது. ஊசி போட்ட கோழியைத் தின்றதால்தான் பிள்ளை சீக்கிரம் உட்கார்ந்துவிட்டாள் என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். பிராய்லர் வேகமாக வளர்வது பல தலைமுறைத் தேர்வு இனப்பெருக்கத்தாலும் தீவனத்தாலும்தான், ஹார்மோன் ஊசியால் அல்ல. ஆயிரக்கணக்கான கோழிகள் உள்ள பண்ணையில் ஒவ்வொன்றுக்கும் ஊசி போடுவது கட்டுப்படியாகாது, அதற்கு அவசியமும் இல்லை. கோழிப் பண்ணைகளில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் தாராளமாகப் புழங்குவது கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அது வேறு கேள்வி. வாரம் ஒருமுறை கோழிக்கறியை நிறுத்திவிட்டு, தினமும் சர்க்கரைப் பானத்தையும் ஓடியாடாத மாலைகளையும் அப்படியே விட்டுவைத்தால் எதுவும் மாறாது. 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்தபோது மிக முன்கூட்டிப் பருவம் தொடங்கிய சிறுமிகளின் எண்ணிக்கை கூடியதை இத்தாலி, துருக்கி, இந்தியா எனப் பல நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

இரண்டு பிள்ளைகள்

ஏழரை வயதுச் சிறுமி ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள். குளிப்பாட்டும்போது மார்பில் மொட்டு தெரிகிறது. ஓராண்டில் வழக்கமான ஐந்தாறு செ.மீ.க்குப் பதில் 8 செ.மீ. வளர்ந்து வகுப்பிலேயே உயரமானவளாகிவிட்டாள். உறவினர்கள் நல்ல வளர்த்தி என்று மெச்சுகிறார்கள். மருத்துவர் பார்த்தால் இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைக் கணிப்பார். அது பத்து என்று வந்தால், அவள் வளர வேண்டிய காலத்தை உடல் முன்கூட்டியே செலவழித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஈஸ்ட்ரோஜன் எலும்பை முதலில் நீட்டும், பிறகு அதன் வளர்நுனியை மூடிவிடும். அதனால்தான் மூன்றாம் வகுப்பில் எல்லோரையும்விட உயரமாக நின்றவள் பத்தாம் வகுப்பில் முன்வரிசைக்கு வந்துவிடக்கூடும்.

சிறுமிகளில் பெரும்பாலும் இதற்கு நோய்க் காரணம் எதுவும் கிடைப்பதில்லை. இருந்தாலும் 8 வயதுக்கு முன் தொடங்கினால் பரிசோதிப்பது கட்டாயம். பையன்களில் 9 வயதுக்கு முன் தொடங்கினால் இன்னும் அவசரம், ஏனென்றால் அவர்களிடம் மூளையில் கட்டி போன்ற காரணம் இருக்கும் வாய்ப்பு கூடுதல். தேவைப்பட்டவர்களுக்கு மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ ஊசி போட்டு அந்தப் பிரேக்கை மீண்டும் அழுத்தி வைக்க முடியும். உரிய வயதில் ஊசியை நிறுத்தியதும் பருவம் தன் வழியில் தொடரும். மொட்டு தெரிந்த நாளிலேயே வந்தால் இது பலன் தரும். மாதவிடாய் வந்து, சடங்கும் முடிந்து, வளர்த்தி நின்றுவிட்டதே என்று மருத்துவரிடம் போனால் மீட்பதற்குப் பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்காது.

இன்னொரு பக்கம் பதினான்கரை வயதுப் பையன். ஒன்பதாம் வகுப்பு, உயரம் 144 செ.மீ., குரல் இன்னும் மென்மையாக இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கு 5 செ.மீ. சீராக வளர்கிறான், நன்றாகச் சாப்பிடுகிறான். எலும்பு வயது பன்னிரண்டுதான் காட்டுகிறது. விசாரித்தால் அப்பாவும் பிளஸ் டூ முடித்த பிறகுதான் உயர்ந்தார் என்பது தெரிகிறது. பையன்களின் தாமதத்துக்கு மிகப் பொதுவான காரணம் இந்தக் குடும்ப இயல்புதான். மற்றவர்கள் வளர்ந்து முடித்தபின் இவன் வளர்வான். காத்திருப்பதே சிகிச்சை. மனத்துயரம் கடுமையாக இருந்தால் மருத்துவர்கள் சில மாதங்களுக்குக் குறைந்த அளவு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்துத் தொடக்கத்தைத் தூண்டுவதுண்டு.

எல்லாத் தாமதமும் இப்படி அல்ல. ஆண்டுக்கு 4 செ.மீ.க்கும் குறைவான வளர்ச்சி, நாள்பட்ட வயிற்றுப்போக்கு, தைராய்டு குறை, அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியா, வாசனையே தெரியாமல் இருப்பது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் காத்திருக்கக் கூடாது. பெண் குழந்தைக்கு 13 வயதாகியும் மார்பு வளர்ச்சி தொடங்கவில்லை, உயரமும் குறைவு என்றால் டர்னர் நோய்க்கூறு இருக்கிறதா என்று குரோமோசோம் பரிசோதனை செய்வார்கள். 15 வயதாகியும் மாதவிடாய் வராவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பரிகாரத்துக்குப் போவதா வேண்டாமா என்பது குடும்பத்தின் நம்பிக்கை, ஆனால் மருத்துவரிடம் போகும் நாளை அது தள்ளிவைக்கக் கூடாது.

காயம் எங்கிருந்து வருகிறது?

முன்கூட்டிப் பருவமடைந்த பெண் குழந்தைகளிடம் மனச்சோர்வும் பதற்றமும் உடலைப் பற்றிய கூச்சமும் கூடுதலாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அது ஹார்மோனின் வேலை என்று விட்டுவிட முடியாது. ஸ்வீடனில் ஸ்டாட்டின், மக்னுசன் இருவரும் நடத்திய நீண்ட ஆய்வில், முன்கூட்டி வளர்ந்த சிறுமிகளிடம் காணப்பட்ட விதிமீறல்கள் பெரும்பாலும் அவர்களைவிட வயதில் மூத்தவர்களின் நட்பு வழியாகவே வந்தன என்று தெரிந்தது. நியூசிலாந்தின் டுனிடின் நகரில் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த காஸ்பி, மோஃபிட் குழு 1993இல் ஒன்றைக் காட்டியது: ஆண் பெண் சேர்ந்து படிக்கும் பள்ளிகளில் முன்கூட்டிப் பருவமடைந்த சிறுமிகளிடம் இத்தகைய சிக்கல்கள் கூடியிருந்தன, பெண்கள் மட்டும் படிக்கும் பள்ளிகளில் அந்த வேறுபாடு தென்படவில்லை. இதைக் கொண்டு இருபாலர் பள்ளிகளைக் குறை சொல்வது தவறான பாடம். ஒரே பருவ வயது ஒரு சூழலில் சுமையாகிறது, இன்னொரு சூழலில் ஆகவில்லை என்பதுதான் இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது. உடலை மாற்ற முடியாவிட்டாலும் சூழலை மாற்ற முடியும்.

பையன்களிடம் கணக்கு தலைகீழ். கலிஃபோர்னியாவில் மேரி கவர் ஜோன்ஸ், நான்சி பெய்லி இருவரும் 1950இல் வெளியிட்ட ஆய்வில், முன்னதாக வளர்ந்த 16 பேரையும் தாமதமாக வளர்ந்த 16 பேரையும் ஒப்பிட்டார்கள். முன்னவர்களைப் பெரியவர்கள் நிதானமானவர்கள் என்று மதித்தார்கள், சக மாணவர்கள் தலைவர்களாக்கினார்கள். பின்னவர்கள் படபடப்போடு எப்போதும் கவனத்தைத் தேடினார்கள். அவர்கள் முப்பதுகளில் இருந்தபோது மீண்டும் பார்த்ததில் உயர வித்தியாசம் ஏறக்குறைய மறைந்திருந்தது. ஆனால் குணத்தில் சில சாயல்கள் மீதமிருந்தன. உயரத்தில் வந்த இடைவெளி தானாகவே மூடிக்கொண்டது, பள்ளியில் நடத்தப்பட்ட விதம் விட்டுச்சென்ற தடம் முழுவதும் அழியவில்லை.

நம் ஊரில் இவற்றோடு நமக்கே உரிய சில சேர்ந்துகொள்கின்றன. ஒன்பது வயதில் மாதவிடாய் வந்துவிட்ட சிறுமியிடம் மறுநாளே, இனி தெருவில் ஓடாதே, மாமா பையனோடு விளையாடாதே, துப்பட்டா போடு என்கிறோம். அவளுக்கு வந்தது உடல் மாற்றம் மட்டும்தான், ஒன்பது வயது மனசு அப்படியே இருக்கிறது. வெளியாட்கள் அவளை 15 வயதுப் பெண்ணாகப் பார்க்கிறார்கள். போக்சோ சட்டம் 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்றே சொல்கிறது. அது கேட்பது வயதை மட்டும்தான், வளர்த்தியை அல்ல. சமூகம் இன்னும் அந்தத் தெளிவுக்கு வரவில்லை. தாமதமாகும் பெண்ணைப் பொறுத்தவரை, மேற்கத்திய ஆய்வுகளில் அவளுக்குப் பெரிய பாதிப்பு தெரிவதில்லை. இங்கே கல்யாண வீடுகளில் அவளுடைய தாயிடம் கேட்கப்படும் ‘இன்னும் இல்லையா?’ என்ற கேள்வியே பாதிப்பாகிவிடுகிறது.

யாருடைய பங்கு என்ன?

சடங்கிலிருந்து தொடங்குவோம். தாய்மாமன் சீரும் மஞ்சள் நீரும் உறவைக் கட்டிக் காக்கும் மரபு என்பது ஒரு தரப்பு. ஒரு சிறுமியின் உடல் செய்தியை ஊருக்கு அறிவிப்பது அத்துமீறல் என்பது மறுதரப்பு. இந்த வழக்கு இன்று தீராது. ஆனால் மூன்று விஷயங்களில் இரு தரப்பும் உடன்பட முடியும். பிள்ளையைக் கேட்டு, அவள் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். அவளுடைய படத்தைப் போட்டுத் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைக்கக் கூடாது, விழா வீட்டு உறவுகளோடு நிற்கட்டும். பள்ளி நாள் ஒன்றுகூடப் போகக் கூடாது, விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம். 8, 9 வயதுக் குழந்தை என்றால் விழாவுக்கு முன் மருத்துவரைப் பார்ப்பது முதல் வேலை.

அடுத்தது பள்ளி. வளரிளம் பருவம் பற்றிய பாடம் எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் வருகிறது. அந்தப் பக்கத்துக்கு வருவதற்குள் வகுப்பில் பல மாணவிகளுக்கு அது நடந்து முடிந்திருக்கும். நான்காம், ஐந்தாம் வகுப்பிலேயே, ஆண் பெண் இருவருக்கும், எளிய சொற்களில் இதைச் சொல்ல வேண்டும். உடற்கல்வி ஆசிரியர்களுக்குத் தனிப் பொறுப்பு உண்டு. பதினான்கு வயதுக்குட்பட்ட அணியைத் தேர்வு செய்யும்போது உண்மையில் பல இடங்களில் தேர்வாவது திறமை அல்ல, முன்கூட்டி வந்த உயரம். இங்கிலாந்தின் கால்பந்துப் பயிற்சிக் கூடங்களில் சில போட்டிகளை வயதுவாரியாக நடத்தாமல் உடல் முதிர்ச்சிவாரியாகப் பிரித்து நடத்திப் பார்க்கிறார்கள். அவ்வளவு ஏற்பாடு நம்மால் முடியாவிட்டாலும், சிறியவனை ஆட்டத்திலிருந்து துரத்தாமல் இரண்டாம் அணியில் தொடர வைக்க முடியும்.

அரசின் பங்கு ஓர் எல்லைக்கோட்டைத் திருத்துவது. தமிழக அரசு 2011இல் அறிவித்த இலவச நாப்கின் திட்டம் முன்னோடியானது. அது 10 முதல் 19 வயதுவரை உள்ளவர்களுக்கானது. ஒன்பது வயதில், தொடக்கப் பள்ளியில் படிக்கும்போதே மாதவிடாய் வரும் சிறுமி அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறாள். தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் வருகின்றன. அவர்களிடம் முந்தைய ஆண்டின் உயரமும் இந்த ஆண்டின் உயரமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலே போதும். திடீரென எகிறிய கோடும் தேங்கி நின்ற கோடும் தாமாகவே கண்ணில் படும். ஒருமுறை எடுத்த உயரம் குழந்தை எப்படி வளர்கிறது என்று சொல்லாது. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டால்தான் அது தெரியும்.

உறவினர்களுக்கும் அண்டைவீட்டாருக்கும் உள்ள பங்கு எல்லாவற்றிலும் எளியது, பழக்கத்தில் மிகக் கடினமானது. பிள்ளையின் உடலைப் பற்றி அவள் முன்னால் பேசாமல் இருக்க வேண்டும். ‘என்ன இவ்வளவு வளர்ந்துட்டா’, ‘இவன் இன்னும் பொடிப்பயலாவே இருக்கானே’ ஆகிய இரண்டும் அன்பாகச் சொல்லப்படுபவைதான். பிள்ளைகள் பல ஆண்டுகள் மறக்காமல் வைத்திருப்பதும் அவற்றைத்தான்.

அரசு ஆணைக்காகக் காத்திருக்காமல் தொடங்க ஓர் இடம் இருக்கிறது. ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் அடுத்த கூட்டத்தில் மூன்று தீர்மானங்கள் போடலாம். தொடக்கப் பள்ளிக் கழிப்பறையிலும் மூடியுள்ள தொட்டி, ஆசிரியையின் மேசையில் சில நாப்கின்கள், மாற்று உடை ஒன்று. ஆண்டுக்கு இருமுறை உயரம் குறிக்கும் பதிவேடு. உடல் வளர்ச்சியை வைத்துப் பட்டப்பெயர் சூட்டுவது ஆசிரியர் செய்தாலும் மாணவர் செய்தாலும் தவறு என்ற பள்ளி விதி. இவற்றுக்கு ஆகும் செலவு ஓர் ஆண்டு விழா மேடையின் பந்தல் செலவைவிடக் குறைவு. மூன்றாம் வகுப்பில் நெடுநெடுவென நிற்பவளுக்கு வயது எட்டுதான் என்பதும், ஒன்பதாம் வகுப்பில் குட்டையாக நிற்பவனுக்கு வயது பதினான்கு ஆகிவிட்டது என்பதும் வருகைப் பதிவேட்டில் எழுதியே இருக்கிறது. அதன்படி அவர்களை நடத்துவதற்கு வேறு தகுதி எதுவும் தேவையில்லை.